கைக்கெட்டும் தூரத்திலும் தெரியாத பெயர்

வர்த்தகர் சங்கமொன்றின் செயலாளர், வயதில் என் மகனை விட இரண்டு மூன்று மூத்தவர், போன மாதம் ஒரு மாலை அஸருக்குப் பின்னர் கடைக்கு வந்தார். கையில் ஒரு கடித உறை. "நானா, மாநாட்டுக்கு பெயர் அட்டை அடிக்கப் போறம். அச்சகத்தால ஒரு மாதிரி தந்திருக்கிறாங்க. நீங்க காகிதாதி ஆள். ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க, நாளைக்கு 240 அடிக்கக் குடுக்கணும்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். வழவழப்பான தாள், தங்க நிறக் கரை, அழகான பிறை இலச்சினை. முதல் பார்வையில் குறை சொல்ல எதுவுமில்லை. அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்து, "இதை நெஞ்சில வெச்சிக்கிட்டு அந்தக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில போய் நில்லுங்க தம்பி" என்றேன். நின்றார். எனக்கும் அவருக்கும் இடையில் நாலடி இருக்கும். சங்கத்தின் பெயர் தெரிந்தது. மாநாட்டின் தொனிப்பொருள் தெரிந்தது. 'கௌரவ பேராளர்' என்பதும் தெரிந்தது. அவருடைய பெயர் மட்டும் தெரியவில்லை. என் கண் பழுது என்று நினைத்து கடையில் வேலை செய்யும் இருபது வயதுப் பையனைக் கூப்பிட்டேன். அவனும் ஓரடி முன்னே போய்த்தான் வாசித்தான்.

இதை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் கொழும்பில் நடந்த ஒரு வர்த்தக ஒன்றுகூடலில், தேநீர் நேரத்தில் ஒரு வெளிநாட்டவரோடு இருபது நிமிடம் கதைத்துக்கொண்டிருந்தேன். பெயர் சொன்னார், இரைச்சலில் சரியாக விளங்கவில்லை. இரண்டாம் தரம் கேட்க வெட்கம். கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்க்கலாம் என்றால் அது திரும்பிக் கிடந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பின்பக்கத்தில் இருந்த அனுசரணையாளர் ஒருவரின் விளம்பரம். சலாம் சொல்லிப் பிரிந்தோம். நான் மூன்று கடிதம் எழுதியும் பதில் வராதிருந்த ஒரு காகித ஏற்றுமதிக் கம்பனியின் விற்பனை அதிகாரி அவர்தான் என்று அடுத்த நாள்தான் தெரியவந்தது. அன்று காலையிலேயே அவர் விமானம் ஏறிவிட்டார். தவறு என்னுடையதும்தான், வெட்கத்தை விட்டுக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த அட்டை தன் வேலையைச் செய்திருந்தால் நான் கேட்கவே தேவையில்லை.

ஆகவே செயலாளரை உட்காரவைத்து, ஒரு அடிமட்டத்தை எடுத்தேன்.

அட்டையின் அளவு சரிதான். நாலு அங்குல அகலம், மூன்று அங்குல உயரம். மில்லிமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 100க்கு 76. வங்கி அட்டை அளவில் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது வாயிற்காவலருக்குக் காட்டப் போதும், மாநாட்டுக்குப் போதாது. ஆனால் இந்த 76 மில்லிமீட்டர் உயரத்தில் மேலே 32ஐ இலச்சினையும் தொனிப்பொருளும் பிடித்துக்கொண்டிருந்தன. கீழே 16ஐ அனுசரணையாளர்களின் சின்னங்கள் பிடித்திருந்தன. நடுவில் மிஞ்சிய 28 மில்லிமீட்டரில், பதவி ஒரு வரி, பெயர் ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, சிங்களத்தில் ஒரு வரி, ஊர் ஒரு வரி. கலியாண வீட்டு வானில் ஆட்களை ஏற்றுவது போல.

பெயரின் ஆங்கில எழுத்தை அளந்தேன். பெரிய எழுத்தின் உயரம் மூன்றரை மில்லிமீட்டர். கணினியில் அது 14 புள்ளி. "14 பெரிசுதானே நானா, கடிதமெல்லாம் 12லதானே அடிக்கிறம்" என்றார் செயலாளர். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். கடிதத்தை நாம் ஒன்றேகால் அடி தூரத்தில் வைத்து வாசிக்கிறோம். அடுத்தவர் நெஞ்சில் தொங்கும் அட்டையை அப்படி வாசிக்க முடியாது, வாசித்தால் அது மரியாதையும் இல்லை.

விளம்பரப் பலகை எழுதுபவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. நல்ல கண் உள்ளவர் அதைவிடப் பலமடங்கு சிறிய எழுத்தையும் கண்ணைச் சுருக்கி வாசிப்பார், அது உண்மை. கண் வைத்தியரின் பலகைக் கணக்குப்படி பார்த்தால் நாலடி தூரத்தில் இரண்டு மில்லிமீட்டர் எழுத்தும் தெரிய வேண்டும். ஆனால் அது நல்ல வெளிச்சத்தில், அசையாமல் நின்று, இதுதான் வேலை என்று பார்ப்பவருக்கு. மாநாட்டில் நடப்பது வேறு. ஹோட்டல் மண்டபத்தில் மங்கலான மஞ்சள் விளக்கு. எதிரே இருப்பவர் அசைந்துகொண்டிருக்கிறார். கண் ஒரு கணம் நெஞ்சுக்கு இறங்கி மறுபடி முகத்துக்கு ஏற வேண்டும். அத்தோடு நம் வர்த்தகர்களில் பெரும்பாலானோர் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். வாசிக்கும் கண்ணாடி போட்டால் கையில் உள்ள தாள் தெரியும், நாலடி மங்கும். கழற்றினால் நாலடி தெரியும், தாள் மங்கும். இதையெல்லாம் சேர்த்துத்தான் பலகைக்காரர்கள் தாராளமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கில், கைலாகு கொடுக்கும்போது இரண்டு பேருக்கும் இடையே உள்ள நாலடிக்கு எழுத்து 0.4 அங்குலம், அதாவது பத்து மில்லிமீட்டர் உயரம் வேண்டும். சாதாரண ஆங்கில எழுத்துருவில் அது 40 புள்ளி அளவில் வரும். நம் ஒரு கை நீளம், சுமார் 70 சென்டிமீட்டர் தூரத்துக்கு மட்டும் போதுமென்றால் ஆறு மில்லிமீட்டர். செயலாளர் கொண்டுவந்த மாதிரியில் இருந்த மூன்றரை அந்தக் கை நீளத்துக்கே போதவில்லை.

புள்ளி அளவை நம்பாமல் அடிமட்டத்தால் அளக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஒரே 40 புள்ளியில் ஓர் எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் வரும். தமிழில் இது இன்னும் மோசம். மேலே புள்ளிக்கும் விசிறிக்கும், கீழே 'கு', 'மு' போன்றவற்றின் வாலுக்கும் இடம் விட்டே எழுத்துரு செய்கிறார்கள். ஆகவே 'ப' என்ற எழுத்தின் உடலை மட்டும் அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். மெல்லிய எழுத்துருவானால் புள்ளியும் தூரத்தில் காணாமல் போய்விடும். கொஞ்சம் தடித்த எழுத்தே நல்லது. ஆனால் மிகத் தடித்தால் 'ஷ', 'ஹ' ஆகியவற்றின் உள் இடைவெளிகள் மையால் அடைபட்டு ஒரு கறுப்புக் கட்டியாகத் தெரியும். நம் பெயர்களில் அந்த இரண்டும் இல்லாத பெயர் எத்தனை?

இன்னொரு சின்ன விஷயம். மாதிரியை அலுவலக அச்சியந்திரத்தில் அடித்துப் பார்க்கும்போது தாளுக்கு ஏற்ப அது தானாகச் சுருக்கிவிடும். அச்சிடும் பெட்டியில் Actual size என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். அடித்து முடிந்ததும் அட்டையின் அகலத்தை அளந்து 100 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத்தை அளக்க வேண்டும்.

சரி, பத்து மில்லிமீட்டர் வேண்டும். இடம் இருக்கிறதா? இதைச் சோதிக்கப் பட்டியலில் உள்ள நீளமான பெயரில் தொடங்க வேண்டும். அச்சகங்கள் எப்போதும் சின்னப் பெயர் ஒன்றைப் போட்டு மாதிரி காட்டுவார்கள், அழகாக இருக்கும். செயலாளரின் பட்டியலில் அப்துல் ரஹ்மான்கள் பலர். இரு பக்கமும் ஆறு மில்லிமீட்டர் கரை விட்டால் 88 மில்லிமீட்டர் அகலம் மிஞ்சும். 40 புள்ளித் தடித்த ஆங்கில எழுத்தில், முதலெழுத்தை மட்டும் பெரிதாக வைத்து அந்தப் பெயரை அடித்தால் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் வருகிறது. எல்லாமே பெரிய எழுத்தென்றால் 115ஐயும் தாண்டுகிறது. ஆகவே இரண்டு வரி. கணினியிடம் விட்டால் அது நீளமான பெயர்களை மட்டும் தானாகச் சுருக்கி ஒரு வரிக்குள் தள்ளும். நௌபர் பெரிதாகவும் அப்துல் ரஹ்மான் சிறிதாகவும் வந்து, ஏதோ ஒருவரை மதித்து மற்றவரை இறக்கியது போலாகும்.

தமிழில் எழுத்தை எண்ணி இடத்தைக் கணிக்கவும் முடியாது. 'நௌஷாத்' என்பதை எண்ணினால் மூன்று எழுத்து. அச்சில் அது கொம்பு, ந, ள, ஷ, கால், த் என்று ஆறு எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். அடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எந்தப் பெயரைப் பெரிதாகப் போடுவது என்பதும் நமக்கு ஒரு சிக்கல்தான். நமது பெயர்களுக்கு முன்னால் எம்.எச்.எம்., ஏ.எல்.எம். என்று மூன்று முதலெழுத்துகள். அதற்கு முன்னால் அல்ஹாஜ். பின்னால் ஜே.பி. சிலருக்கு தேசகீர்த்தி, சாமஸ்ரீ. இவ்வளவையும் ஒரே வரியில் ஒரே அளவில் போட்டால் ஆளைக் கூப்பிடும் பெயர் வரியின் ஒரு மூலையில் ஒளிந்துகொள்ளும். நான் சொன்னது இதுதான்: கூப்பிடும் பெயர் மட்டும் பத்து மில்லிமீட்டரில். அதற்குக் கீழே முதலெழுத்துகளோடும் பட்டங்களோடும் முழுப்பெயர் நாலு மில்லிமீட்டரில். பட்டம் இல்லாமல் போகவில்லை, அருகில் வருபவருக்குத் தெரியும். செயலாளர் தலையைச் சொறிந்தார். "தலைவர் ஒத்துக்கொள்ள மாட்டார் நானா" என்றார்.

அன்றிரவு தலைவரே தொலைபேசியில் வந்தார். அவரோடு எனக்கு முப்பது வருடப் பழக்கம். பெயரைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. பதவியைப் பற்றித்தான் அவருக்கு மனவருத்தம். முதல் மாதிரியில் ஆறு வகை இருந்தன. பிரதம அதிதி, விசேட அதிதி, நிர்வாக சபை, அனுசரணையாளர், பேராளர், காட்சிக்கூட உதவியாளர். அதிதிகளின் அட்டை மற்றவர்களுடையதை விடப் பெரிது, தங்கக் கரை. காட்சிக்கூட உதவியாளர் அட்டையில் பெயருக்கே இடமில்லை. பதவி மட்டும் பெரிதாக, கீழே பேனையால் எழுத ஒரு கோடு.

நான் அவரிடம் கேட்டேன்: "ஹாஜியார், பிரதம அதிதி யாரென்று மண்டபத்தில் யாருக்காவது அட்டையைப் பார்த்துத்தான் தெரிய வேண்டுமா? அவர் மேடையில் இருப்பார், மாலை போட்டிருப்பார், படம் பத்திரிகையில் வரும். தெரியாமல் இருப்பது மூதூரிலிருந்து வந்த அரிசி வியாபாரியும் கல்முனையிலிருந்து வந்த புடைவை வியாபாரியும்தான். அவர்களுடைய பெயரை ஏன் சின்னதாக்குகிறோம்?" அவர் பேசாமல் இருந்தார்.

பதவியை அட்டையில் போடத்தான் வேண்டும். ஆனால் அதை வாசிப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். எதிரே நின்று கதைப்பவருக்கு நம் பெயரும், பிறகு கடையும் ஊரும் போதும். பதவி தேவைப்படுவது வாசலில் நிற்கும் தொண்டருக்கு. யாரை முன்வரிசைக்கு அனுப்புவது, யாரைக் களஞ்சிய அறைக்குள் விடுவது என்று அவர் பத்துப் பதினைந்து அடி தூரத்திலேயே முடிவு செய்ய வேண்டும். அந்தத் தூரத்தில் எழுத்து உதவாது, நிறம்தான் உதவும். ஆகவே அட்டையின் அடியில் பத்து மில்லிமீட்டருக்கு ஒரு நிறப் பட்டி, அதற்குள் ஒரு சொல். சொல்லும் கட்டாயம் வேண்டும். ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும், அந்தத் தொண்டர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அதே காரணத்தால் சிவப்பையும் பச்சையையும் இரு வகைகளுக்குப் போடாமல், கடும் நீலம், மஞ்சள், வெள்ளை என்று போகச் சொன்னேன்.

வகைகளையும் குறைக்க வேண்டும். ஒரு வகையைத் தனியாக வைக்க வேண்டுமா என்று பார்க்க, தொண்டர் அந்த ஆளை வேறு விதமாக நடத்தப் போகிறாரா என்று கேட்டால் போதும். பிரதம அதிதிக்கும் விசேட அதிதிக்கும் ஒரே வாசல், ஒரே வரிசை. ஆக இருவரும் 'அதிதி'. அனுசரணையாளரும் பேராளரும் ஒரே சாப்பாட்டு மேசைக்குத்தான் போகிறார்கள். அனுசரணையாளர் என்பதைக் கம்பனிப் பெயருக்குப் பக்கத்தில் போடலாம். ஆறு வகை நாலாகியது: அதிதி, பேராளர், காட்சிக்கூடம், ஏற்பாட்டுக் குழு. எல்லோருக்கும் ஒரே அளவு அட்டை, ஒரே அளவுப் பெயர். காட்சிக்கூடத்தில் நிற்கும் பையனுக்கும் பத்து மில்லிமீட்டர். அவனிடம்தானே வாங்க வருபவர் முதலில் கதைக்கிறார்! தலைவர் கடைசியில், "சரி, தங்கக் கரையை மட்டும் விடுங்கோ" என்றார். விட்டேன். கரையால் யாருக்கும் நட்டமில்லை.

மொழி விஷயத்தில்தான் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. மூன்று மொழியையும் சம அளவில் போட்டால் மூன்றுமே வாசிக்க முடியாமல் போகும், அது உறுதி. வருபவர்களில் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் ஏற்றுமதியாளர்கள் முப்பது பேரளவில் இருந்தார்கள், சிங்கள மொத்த வியாபாரிகளும் இருந்தார்கள். ஆகவே எல்லோரும் ஓரளவு வாசிக்கும் ஆங்கிலத்தில் கூப்பிடும் பெயர் பத்து மில்லிமீட்டர், அதன் கீழ் தமிழில் ஆறு மில்லிமீட்டர் என்று வைத்தோம். ஆறு என்பது கை நீளத்துக்குப் போதும் என்று மேலே சொன்ன அந்தக் கணக்குத்தான். பெயர் இரண்டு வரியாகப் போகும் அட்டைகளில் தமிழ்ப் பெயரையும் நாலு மில்லிமீட்டர் முழுப்பெயரையும் ஒரே வரியாக்க வேண்டியதாயிற்று. சபையில் ஒரு மூத்தவர், "நாங்க தமிழ் பேசுற ஆக்கள் கூடுற இடத்தில இங்கிலீசு பெரிசு, தமிழ் சிறிசா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உள்ளூர் வியாபாரிகள் மட்டும் கூடும் மாநாடென்றால் நான் தமிழையே பெரிதாக்கச் சொல்லியிருப்பேன்.

இனி துளை. இதில்தான் உண்மையான வில்லங்கம் இருந்தது, அதைக் கண்டதும் எனக்கு உடம்பு கூசியது.

மாதிரியின் உச்சியில், நடுவில், அழகான அறபு எழுத்தில் பிஸ்மி. நல்ல எண்ணத்தில்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் மாதிரியில் துளை வரையப்படவில்லை. செயலாளரிடம் கேட்டேன், "நாடாவுக்குத் துளை எங்கே போடுவார்கள்?" அவர் அச்சகத்தாருக்குத் தொலைபேசி எடுத்தார். "மேலே நடுவில, வழமையான மாதிரித்தான்" என்று பதில் வந்தது. வழமையான துளை என்பது 14 மில்லிமீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட நீள்துளை, விளிம்பிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் உள்ளே. அடிமட்டத்தை வைத்துப் பென்சிலால் வரைந்து காட்டினேன். அல்லாஹ்வின் திருநாமம் இருந்த இடத்துக்கு நேராக வந்தது. செயலாளரின் முகம் வெளுத்துப் போனது. 240 அட்டையும் அடித்து, துளையிட்ட பின்னர்தான் இதைக் கண்டிருந்தால் என்ன செய்திருப்பார்கள்?

துளையை நகர்த்தி பிஸ்மியைக் காப்பாற்றலாம் என்று அவர் சொன்னார். நான் வேண்டாமென்றேன். கழுத்தில் தொங்கும் அட்டையோடுதான் ஆட்கள் கழிவறைக்கும் போவார்கள். மாலையில் அதைக் கழற்றிக் கதிரையில் போடுவார்கள், நிலத்தில் விழும், குப்பைக்கூடைக்குப் போகும். பிஸ்மியை மேடைப் பதாகையில் போடுங்கள், கிறாஅத்தோடு கூட்டத்தை ஆரம்பியுங்கள், அட்டையில் வேண்டாம். இதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

துளையின் இடத்தை மாதிரியிலேயே கோடாக வரைவித்து, அதைச் சுற்றி ஐந்து மில்லிமீட்டருக்கு எதுவும் அச்சாகாமல் விடச் சொல்ல வேண்டும். கையால் துளையிடும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அங்குமிங்கும் போவது சாதாரணம். விளிம்புக்கு மிகக் கிட்டப் போட்டால் வெறும் அட்டை மத்தியானத்துக்குள் கிழியும். துளையின் இரு முனைகளிலும்தான் கிழிசல் தொடங்கும். லெமினேட் செய்தால் அல்லது பிளாஸ்டிக் உறையில் போட்டால் தப்பும். உறையென்றால் துளை உறையிலேயே இருக்கும், அட்டைக்குத் துளையே தேவையில்லை. ஆனால் பளபளக்கும் உறையில் மண்டப விளக்கு பட்டுத் தெறித்து எழுத்தை மறைக்கும், மங்கல் உறையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

நடுவில் ஒரு துளை என்றால் அது சரியாக நடுவிலேயே இருக்க வேண்டும். இந்த அளவு அட்டையில் துளை ஐந்து மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினால், தொங்கும்போது அட்டை எட்டு ஒன்பது பாகை சரியும். சுவரில் கோணலாக மாட்டிய படம் போலக் கண்ணை உறுத்தும். ஒரு மில்லிமீட்டர் விலகினால் யாருக்கும் தெரியாது.

சரியாக நடுவில் இருந்தாலும் ஒற்றைத் துளையின் பெரிய குற்றம் வேறு. ஒரு கொக்கியில் தொங்கும் அட்டை தன்பாட்டில் சுழலும். நடந்தால், திரும்பினால், மின்விசிறிக் காற்றுப் பட்டால் பின்பக்கம் முன்னுக்கு வரும். என் காகித வியாபாரம் போனது இதனால்தான். இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, மேல் மூலைகள் இரண்டிலும் ஒவ்வொரு துளை போட்டு இரட்டைக் கொக்கி நாடா வாங்குவது, அட்டை திரும்பாது. மற்றது, ஒற்றைக் கொக்கி நாடாதான் கையிருப்பில் உள்ளதென்றால், முன்பக்கத்தையே பின்பக்கத்திலும் அடித்துவிடுவது. எப்படித் திரும்பினாலும் பெயர்தான். ஒற்றைக் கொக்கியையும் வைத்துக்கொண்டு பின்பக்கத்தில் விளம்பரமும் போடுவதுதான் கூடாது.

செயலாளர் நாடாவுக்கு இன்னும் பணம் கொடுத்திருக்கவில்லை, அது நல்லதாய்ப் போயிற்று. இரட்டைக் கொக்கிக்கு மாறினார்கள். துளைகள் மூலைக்குப் போனதால் நடுவில் இலச்சினைக்கும் இடம் கிடைத்தது, 12 மில்லிமீட்டரில் அடக்கமாக. அட்டை திரும்பாது என்று ஆனபின், பின்பக்கத்தில் அனுசரணையாளர்களின் சின்னங்களையும் நிகழ்ச்சி நிரலையும் லுஹர், அஸர் ஜமாஅத் நேரங்களையும் போட்டோம். அதைத் தலைகீழாக அச்சிடச் சொன்னேன். அச்சகத்துப் பையன் பிழையென்று நினைத்து இரண்டு தடவை தொலைபேசி எடுத்தான். கழுத்தில் கிடக்கும் அட்டையைத் திருப்பி, கீழ் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தால், அப்படி அடித்தால்தான் நேராக வாசிக்க வரும்.

நாடாவின் நீளத்தையும் பார்க்க வேண்டும். சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் மடித்தால் 45 சென்டிமீட்டர். நம்மில் பலருக்கு அட்டை வயிற்றில் வந்து உட்காரும். நின்றால் பெயரைப் பார்க்க வயிற்றைப் பார்க்க வேண்டும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் அட்டை மேசைக்குக் கீழே. நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய நாடா கொஞ்சம் விலை கூட. இல்லாவிட்டால் பிடரியில் ஒரு முடிச்சுப் போடலாம்.

பெண் வர்த்தகர்கள் பன்னிரண்டு பேர் பதிந்திருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. என் மகள்தான் சொன்னாள். நாடாவை ஹிஜாபுக்கு மேலே போட்டால் அது துணியை இழுக்கும். உள்ளே போட்டால் அட்டை துணிக்குக் கீழே மறையும். ஊசி குத்தினால் அபாயாத் துணியில் ஓட்டை. காந்தம் வைத்த பிடி நல்லது, ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் காந்தத்தை நெஞ்சில் வைக்கக் கூடாது. கடைசியில் அவர்களுக்குத் துணியைக் கடிக்கும் சிறிய கிளிப் ஒன்றும் உறையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. கிளிப்பை வலது பக்கம் குத்துவது வசதி. எதிரே வருபவரின் பார்வை அந்தப் பக்கம் இலகுவாகப் போகும்.

மாநாட்டன்று நானும் போயிருந்தேன். அட்டை திரும்பிக் கிடந்த ஒருவரையும் காணவில்லை. தேநீர் நேரத்தில் ஏறாவூர் வியாபாரி ஒருவர், முன்பின் கண்டிராதவர், ஐந்தடி தூரத்திலிருந்தே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கொப்பி விலை கேட்டார், கொடுத்தேன். குறையும் இருந்தது. பதியாமல் வந்த பதினெட்டுப் பேருக்கு வெற்று அட்டை கொடுத்து, எழுத ஒரு சாதாரண போல்பொயின்ட் பேனையை மேசையில் வைத்திருந்தார்கள். எழுத்தைப் பெரிதாக எழுதியவர்களின் பெயரும் மெல்லிய நீலக் கீறலாகத்தான் தெரிந்தது. தடித்த மார்க்கர் பேனை இரண்டு என் கடையிலிருந்தே கொண்டுபோயிருக்கலாம். அது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.